எட்டாம் எண்ணை ஏந்தி நின்ற மாணவி

கணினி எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும் முறையைக் கற்பிக்க நான் எழுதிய நாள் பாடத்திட்டத்தில் குறை ஏதுமில்லை என்றே அன்று நினைத்தேன். ஆறு மாணவர்கள் ஆறு எண் அட்டைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தோட்டத்துப் பெரட்டில் நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். எண்கள் 42, 17, 63, 8, 29, 55. இடக்கோடியிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்து நிற்கும் இருவர் மட்டும் தம் எண்களை ஒப்பிட வேண்டும். இடப்பக்கத்து எண் பெரியதாக இருந்தால் இருவரும் இடம் மாற வேண்டும்.

முதல் சுற்றில் ஐந்து ஒப்பீடுகள், நான்கு இடமாற்றங்கள். முடிவில் வரிசை 17, 42, 8, 29, 55, 63 என்றானது. 63 ஒரே சுற்றில் கடைசி இடத்தை அடைந்துவிட்டது. 8 ஓர் இடம் மட்டுமே முன்னேறியது. இந்த முறையில் பெரிய எண் வேகமாகப் பின்னே செல்லும். சிறிய எண்ணோ சுற்றுக்கு ஓரடிதான் முன்னே வரும். எட்டாம் எண்ணை ஏந்தியிருந்த மாணவி இன்னும் இரண்டு சுற்றுகள் காத்திருக்க வேண்டும். அவள் காத்திருக்கவில்லை; நேராக நடந்து 17-க்கு முன்னால் போய் நின்றாள்.

"உன் இடத்துக்குப் போம்மா, மற்றவர்களின் எண் உனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியுதே டீச்சர்" என்றாள்.

உண்மைதான். அட்டைகளை வெளிப்புறம் காட்டிப் பிடிக்கச் சொன்னவள் நானே. கணினி ஒரு நேரத்தில் இரண்டு மதிப்புகளைத்தான் ஒப்பிடும் என்பதை உணர்த்த வந்த நான், எல்லா எண்களையும் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, அவற்றைப் பார்க்காததுபோல் நடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

விதியைக் கடைப்பிடிக்கச் செய்யாவிட்டால் பாடமே இல்லை என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆறு எண்களில் மிகச் சிறியதைக் கண் உடனே பிடித்துவிடும். அறுபது எண்களில் அது இயலாது. ஆனால் இதை அவளே கண்டறிய நான் இடம் தந்திருக்கலாம். "நீதான் மிகச் சிறியவள் என்று எப்படித் தெரிந்தது, எத்தனை அட்டைகளைப் பார்த்தாய்?" என்று கேட்டிருந்தால், மற்ற ஐந்தையும் பார்த்ததாகச் சொல்லியிருப்பாள். மிகச் சிறியதைத் தேர்ந்து முன்னே வைப்பதும் ஒரு வரிசைப்படுத்தும் முறைதான். அவள் முன்னே சென்றபோது 17-உம் 42-உம் ஓரடி பின்வாங்கினார்களே, அந்த நகர்வுக்கும் ஒரு செலவு உண்டு என்பதையும் அங்கேயே காட்டியிருக்கலாம். நான் கேட்கவில்லை. மணியடிக்கப் பன்னிரண்டு நிமிடங்களே இருந்தன. அது காரணமா, சாக்கா என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் அட்டைகளை உட்புறம் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, ஒப்பிடும் இருவர் மட்டும் ஒருவருக்கொருவர் காட்டும்படி மாற்றினேன். நான்காம் சுற்றில் யாரும் இடம் மாறவில்லை என்பதைப் பிள்ளைகளே கவனித்து நிறுத்தினார்கள். மொத்தம் பதினான்கு ஒப்பீடுகள். அந்த மாணவி தன் முறை வரும்வரை அசையாமல் நின்றாள். அந்த அமைதி எனக்கு உவப்பாக இல்லை.

முதல் நாள் பாடத்திட்டத்தின் சிந்தனை மீட்சிப் பகுதியில், ஆறு பேரில் ஐவர் நோக்கத்தை அடைந்ததாகவும், ஒருவருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை தேவை என்றும் என் கையெழுத்தில் இருக்கிறது. அதை நான் இன்னும் திருத்தவில்லை.