16 நாள் சுழற்சிக்கு ஒரு படிப்பு அட்டவணை: ஷிப்டுத் தொழிலாளி ஒருத்தியின் அனுபவம்

நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வேலை பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில், மின்னணுத் தொழிற்சாலையில். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை நான்கு நாள் பகல் ஷிப்டு, நான்கு நாள் ஓய்வு, பிறகு நான்கு நாள் இரவு ஷிப்டு, மறுபடி நான்கு நாள் ஓய்வு. இதற்கு நடுவில் பகுதிநேரமாகக் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறேன். சேர்ந்தபோது கல்லூரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இணைய வகுப்பு. செவ்வாய், வியாழன் இரவு எட்டிலிருந்து பத்து வரை சொந்தப் படிப்பு. அழகாகக் கட்டம் போட்ட அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

அந்தத் தாள் ஏழு நாளில் சுற்றுகிறது. என் வாழ்க்கை பதினாறு நாளில் சுற்றுகிறது. சிக்கல் இதுதான். உதாரணத்துக்கு, பகல் ஷிப்டு ஒரு திங்கட்கிழமை தொடங்கினால் வியாழன் வரை வேலை, வெள்ளியிலிருந்து அடுத்த திங்கள் வரை ஓய்வு. முதல் சனிக்கிழமை வகுப்புக்குத் தடையில்லை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை இரவு ஷிப்டு. அது முடிவதே சனி காலை ஏழு மணிக்கு, ஒன்பதுக்கு வகுப்பு. அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி பகல் ஷிப்டு, வகுப்பு நடக்கும்போது நான் தொழிற்சாலைக்குள் இருப்பேன். வியாழன் இன்னும் மோசம். இந்த மூன்று வாரத்தில் ஒரு வியாழன் இரவுகூடப் படிக்கத் தோதாக அமையாது. தாளைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

கைப்பேசியில் கூகல் காலண்டரில் முதலில் போட்டது படிப்பை அல்ல, ஷிப்டைத்தான். முதல் பகல் ஷிப்டு நாளில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஒரு நிகழ்வு. அதில் `Does not repeat` என்று இருக்கும் இடத்தைத் தொட்டு, `Custom` போய், வாரம் என்பதை நாள் என்று மாற்றி 16 என்று கொடுத்தேன். இப்படி நான்கு பகல், நான்கு இரவு, ஆக எட்டு நிகழ்வுகள். இரவு ஷிப்டுக்கு முடியும் தேதியை மறுநாள் என்று வைக்க வேண்டும். கைப்பேசியில் வாரம், மாதம் என்ற தேர்வுகள்தான் முதலில் கண்ணில் படும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஷிப்டுக்காரர்களுக்கு அந்த நாள் கணக்குதான் வேண்டும்.

அடுத்து, இரவு ஷிப்டுக்குப் பிறகான தூக்கம்: காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரை. தூக்கத்தையும் ஒரு கட்டமாகப் போட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். போடாவிட்டால் அந்த நேரம் காலியாகத் தெரியும், அதில் ஏதாவது வேலையைச் செருகத் தோன்றும். அதன்பிறகுதான் சனிக்கிழமை வகுப்பைச் சேர்த்தேன். உடனே, மோதும் சனிக்கிழமைகளில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. ஏழுக்கும் பதினாறுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாததால், 16 சனிக்கிழமைகளில் சுழற்சியின் ஒவ்வொரு நாளும் ஒரு முறை வந்துவிடும். அதில் 4 பகல் ஷிப்டில் விழும். இன்னும் 4 இரவு ஷிப்டு முடிந்து வரும் காலையில் விழும். மீதி 8 சனிக்கிழமைகள் தடையில்லாதவை.

எந்தெந்தத் தேதி என்று முன்பே தெரிந்தது பெரிய உதவி. பகல் ஷிப்டில் விழும் சனிக்கிழமைகளை எழுதி எங்கள் ஷிப்டு லீடரிடம் கொடுத்தேன். "முதல் நாள் வந்து கேட்டா கஷ்டம்மா. இப்படி முன்கூட்டியே சொன்னா மாத்திவிட ஆள் பார்க்கலாம்" என்றார். சிலவற்றுக்கு ஆள் கிடைத்தது, கிடைக்காததற்கு விடுப்பு எடுத்தேன். இரவு ஷிப்டு முடிந்து வரும் சனிக்கிழமைகளில் வகுப்பில் உட்கார்வதில்லை. தூங்கி எழுந்து, நாலரை மணிக்கு வகுப்பின் பதிவைப் பார்க்கத் தொடங்குகிறேன், அன்றிரவும் ஷிப்டு இருந்தால் மீதியை ஓய்வு நாளில் பார்க்கிறேன். அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

சொந்தப் படிப்பைக் கிழமையிலிருந்து விடுவித்து, ஓய்வு நாட்களுக்கு மாற்றினேன். நான்கு ஓய்வு நாளில் முதல் நாள் உடம்புக்கு. நான்காம் நாளில் அடுத்த ஷிப்டுக்கு ஏற்றபடி தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். நடுவில் உள்ள இரண்டு நாள்தான் மூளை வேலை செய்யும். அவற்றில் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை, இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை. ஓய்வு எட்டு நாளுக்கு ஒரு முறை வருவதால் இந்தக் கட்டங்களுக்கு 16 வேண்டாம், 8 போதும். ஷிப்டு நாளில் சொந்தப் படிப்புக் கட்டமே கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசி லாக்கரில்தான் இருக்கும். ஏழு மணிக்கு எடுக்கும்போது குவிந்து கிடக்கும் நினைவூட்டல்களைப் பார்த்து யாரும் படிக்கப் போவதில்லை.

நினைவூட்டல் நேரத்தையும் சொல்ல வேண்டும். என் கைப்பேசியில் அது தானாகவே அரை மணி நேரம் முன்னதாக வந்தது. மூன்று மணிப் படிப்புக்கு இரண்டரைக்கு மணி அடித்தால், "இன்னும் நேரம் இருக்கு" என்று துணி காயப்போடப் போய்விடுவோம். அதனால் ஒவ்வொரு படிப்புக் கட்டத்துக்கும் இரண்டு வைத்தேன். பத்து நிமிடம் முன்னால் ஒன்று, கையில் உள்ளதை முடிக்க. தொடங்கும் நேரத்துக்கே இன்னொன்று, உட்கார. வகுப்புக்கு மட்டும் முந்தின இரவு ஒன்று கூடுதல்.

சில நாள் நினைவூட்டல் வரவில்லை. கைப்பேசியைத் திறந்தவுடன்தான் குதித்தது. திறக்கும்போது வருகிறது, பூட்டியிருக்கும்போது வருவதில்லை என்றால், பேட்டரியை மிச்சப்படுத்த அந்தச் செயலியைக் கைப்பேசி தூங்கவைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அமைப்புகளில் காலண்டர் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் `Unrestricted` ஆக்கியதும் சரியாகிவிட்டது. சோதிப்பது சுலபம். ஐந்து நிமிடம் கழித்து ஒரு நிகழ்வு போட்டு, திரையைப் பூட்டி மேசையில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, தூக்கத்துக்காகத் தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போடுபவர்கள் அது எழும் நேரத்தில் தானாக அணையும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் நாலரை மணி நினைவூட்டலும் அமைதியாகவே போய்விடும்.

அப்புறம் தலைப்பு. "கணக்கியல்" என்று மட்டும் வந்தால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே கால்மணி நேரம் போகும். ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வந்தால் கண் அதைத் தாண்டிவிடும். அதனால் ஓய்வின் முதல் நாள் மாலை, அடுத்த இரண்டு நாள் கட்டங்களின் தலைப்பை மட்டும் மாற்றுகிறேன்: "தேய்மானம், குறைந்துசெல் மீதி முறை, பயிற்சி 4, 5". சேமிக்கும்போது `This event` என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் மாறும். படிக்க முடியாமல் போனால் கட்டத்தை அழிப்பதில்லை, அந்த ஓய்விலேயே வேறு நேரத்துக்கு இழுத்து வைக்கிறேன். இடமே இல்லையென்றால் அந்தப் பயிற்சி அடுத்த ஓய்வின் தலைப்பில் முதலில் வரும்.

அண்மையில் என்னை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். சுழற்சி இரண்டு நாள் தள்ளிப்போனது. எட்டு ஷிப்டு நிகழ்வுகளையும் தூக்கத்தையும் படிப்பையும் திறந்து, தேதியை இரண்டு நாள் தள்ளி, `This and following events` கொடுத்தேன். `All events` கொடுத்தால் போன மாதங்களும் சேர்ந்து நகர்ந்துவிடும். மிகைநேரச் சம்பளத்தைச் சரிபார்க்க எனக்கு அந்தப் பழைய தேதிகள் தேவை. வகுப்பைத் தொடவில்லை. மோதும் சனிக்கிழமைகள் மாறிவிட்டதால், புதுப் பட்டியலைப் புது லீடரிடம் அந்த வாரமே கொடுத்துவிட்டேன்.