தூக்குச்சட்டியை அப்பா எப்போது விட வேண்டும்?

வசனக் காட்சியைக் கையில் கொடுத்தால், அனிமேஷனுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வார்த்தைகளுக்குத்தான் நடிப்பு வைப்பார்கள். "போ" என்று வந்தால் கை வாசலைக் காட்டும். "நான்" என்று வந்தால் கை நெஞ்சுக்குப் போகும். வாயசைவு பொருந்தியிருக்கும், போஸ்களும் தெளிவாக இருக்கும். ஆனாலும் அந்தப் பாத்திரம் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசுகிறது என்று நமக்குத் தோன்றாது. காதில் ஏற்கெனவே விழுந்ததையே கண்ணுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

சொல் ஒரு பக்கமும் செயல் இன்னொரு பக்கமும் போகும் காட்சி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது, ஒரு தொடருக்காக எங்கள் குழு செய்த சின்ன ஷாட். மகள் வெளியூருக்குக் கிளம்புகிறாள். அப்பா சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை நீட்டியபடி சொல்கிறார்: "கிளம்பும்மா... பஸ்ஸுக்கு நேரமாச்சு. எனக்கென்ன, நான் பாத்துக்குவேன்." வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 6 வினாடி, அதாவது 144 ஃபிரேம். அவளைப் போகச் சொல்கிறார், ஆனால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்று இருக்கிறது அவருக்கு. ஸ்கிரிப்டில் இருந்தது வசனமும் "தூக்குச்சட்டியைக் கொடுக்கிறார்" என்ற ஒரு வரியும்தான்.

குரல் பதிவிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. குரல் கலைஞர் முதல் டேக்கில் தழுதழுத்துப் பேசினார். கேட்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் குரலே அழுதுவிட்டால் உடம்பு சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் இயக்குநர், பஸ்ஸைத் தவறவிடப் போகிற மகளை அவசரப்படுத்துகிற மாதிரி பேசச் சொன்னார். அந்த டேக்கைத்தான் எடுத்தோம். அதில் "நேரமாச்சு" முடிந்ததும் சுமார் 16 ஃபிரேம் இடைவெளி விட்டு, மூச்சு இழுத்து "எனக்கென்ன" என்று ஆரம்பித்தார். அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்த வரம். பேச்சு நிற்கிற இடத்தில்தான் பார்ப்பவர்கள் முகத்தையும் கையையும் கவனிப்பார்கள்.

அடுத்தது, உண்மையைச் சொல்லும் பொறுப்பை உடம்பில் எந்தப் பாகத்துக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். எல்லாப் பாகங்களுக்கும் கொடுத்தால் அது நாடகம் ஆகிவிடும். எங்கள் அப்பாவுக்கு விரல்களை எடுத்துக்கொண்டோம். சட்டியை நீட்டுகிறார், மகள் பிடியைப் பிடிக்கிறாள், அவர் விரல்கள் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

3டியில் இதைச் செய்வது பொருள் கைமாறும் கணக்கு. சட்டி முதலில் அப்பாவின் கைக்குக் கன்ஸ்ட்ரெய்ன்ட் மூலம் கட்டுப்பட்டிருக்கும், குறிப்பிட்ட ஃபிரேமில் மகளின் கைக்கு மாறும். சாதாரணமாக ஒரு பொருளைக் கொடுக்கும்போது, வாங்குபவர் பிடித்து ஐந்தாறு ஃபிரேமுக்குள் கொடுப்பவர் விட்டுவிடுவார். இங்கே மகளின் கை 44-வது ஃபிரேமில் பிடியைத் தொடுகிறது, 58-ல் லேசாக இழுக்கிறாள். வசனம் 120-ல் முடிகிறது. அப்பாவின் விரல்கள் 124-ல்தான் விடுகின்றன. காட்சியின் மொத்த அர்த்தமும் அந்தத் தாமதத்தில் இருக்கிறது. "கிளம்பு" என்று சொன்ன பிறகும் மூன்று வினாடிக்கு மேல் விடாமல் இருக்கிறார். (பிடியில் இரண்டு பேர் விரல்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், மாடலிங் ஆட்களிடம் சொல்லி அதை நிஜத் தூக்குச்சட்டியைவிடக் கொஞ்சம் அகலமாக்கி வாங்கினோம்.)

முக்கியமான போஸ்களை மட்டும் வைத்துப் பார்க்கும் முதல் பிளாக்கிங்கில் அது வேறு கதையாக இருந்தது. மகள் இழுக்கும்போது அப்பாவின் முழங்கை பின்னால் மடங்கியது. ஒலியை நிறுத்திவிட்டு, கதை தெரியாத எடிட்டிங் பையனைக் கூப்பிட்டுக் காட்டினோம். "சாப்பாடு குடுக்க மனசில்லையா அவருக்கு?" என்று கேட்டான். எதிர்ப்பக்கம் இழுத்தால் அது சண்டை, பார்ப்பவர்களுக்குச் சிரிப்புக்கூட வரும். மாற்றியது ஒரே விஷயம்தான். அவள் இழுக்கிற பக்கம் அவர் கை போகட்டும், முழங்கை நீளட்டும், தோள்கூட ஒரு அங்குலம் சாயட்டும், ஆனால் விரல்கள் மட்டும் திறக்கக் கூடாது. அதோடு சட்டி லேசாக ஆடி நின்றது. இப்போது அதே பையன், "அனுப்ப மனசில்லை" என்றான். ஊமைப் படமாக ஓட்டிக் காட்டுவதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒலியில்லாமல் பார்த்தவர் ஒன்று சொல்ல வேண்டும், ஒலியை மட்டும் கேட்டவர் வேறொன்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அந்த ஷாட்டில் உள்ளர்த்தம் இல்லை.

கண்களை அடக்கியே வைத்தோம். முதல் இரண்டு வாக்கியங்களும் முடியும் வரை அப்பா சட்டியைத்தான் பார்க்கிறார். இடைவெளியில், 74-வது ஃபிரேமில், பார்வை மகளின் முகத்துக்குப் போகிறது. கண் இரண்டே ஃபிரேமில் தாவிவிடும், தலை அதற்கு மூன்று நான்கு ஃபிரேம் பின்னால் வரும். கண் முந்துவதால்தான் அவராக நினைத்துத் திரும்பினார் என்று நம்புகிறோம். தலையும் கண்ணும் ஒன்றாகத் திரும்பினால் யாரோ கழுத்தைத் திருப்பிவிட்டது போல இருக்கும். பிறகு "பாத்துக்குவேன்" என்பதில் சிரிக்கிறார். வாயின் ஓரங்கள் மேலே போகின்றன, கன்னமும் கீழ் இமையும் ஏறவில்லை. மனதாரச் சிரித்தால் கீழ் இமை ஏறிக் கண் சுருங்கும். கீழ் இமையை அசைக்கும் கன்ட்ரோலைத் தொடாமல் விட்டதாலேயே அது ஒப்புக்குச் சிரித்த சிரிப்பாகிவிட்டது.

உதட்டசைவிலும் ஓரிடம் கிடைத்தது. "கிளம்பும்மா" என்பதில் ம்ப, ம்மா என்று இரண்டு முறை உதடு மூட வேண்டும். ஒற்றை மகரத்துக்கு இரண்டு ஃபிரேம் மூடினால் போதும், இரட்டிக்கும்போது நான்கு வரை தாங்கும். அந்த "ம்மா"வில் உதட்டை மூடியதோடு லேசாக அழுத்தவும் செய்தோம். ஒலிக்குப் பிசகில்லை, ஆனால் எதையோ விழுங்கிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது. தமிழ் வசனத்துக்கு அனிமேட் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரட்டித்து வரும் மெய்கள் தரும் இந்த அவகாசம்தான்.

ரிவ்யூவில் ஒருவர், கண்ணில் கொஞ்சம் நீர் கோத்திருந்தால் நன்றாக இருக்குமே என்றார். நான் உறுதியாக மறுத்தேன். கண்ணீரை மகளும் பார்ப்பாள். பார்த்துவிட்டால் அவள் கிளம்ப மாட்டாள், இவர் "பாத்துக்குவேன்" என்று சொன்னதும் வீண். அவர் மறைப்பது மகளிடமிருந்து. நமக்குத் தெரியலாம், அவளுக்குத் தெளிவாகத் தெரியக் கூடாது. விரல் பிடிப்பு அதற்குத் தோதாக இருக்கிறது. அவளுக்கு அது அப்பாவின் கவனக்குறைவாகக்கூடத் தோன்றலாம்.

இன்னொரு சிக்கல் ஷாட்டின் அளவு. ஸ்டோரிபோர்டில் இருவரும் முழு உருவமாக நின்றார்கள். ஃபோனில் பார்ப்பவர்களுக்கு அந்த அளவில் விரல் ஒரு புள்ளி. விரலுக்கு மட்டும் குளோசப் வைக்கலாமா என்று யோசித்தோம். வைத்தால் "இதைப் பார்" என்று நாமே சுட்டிக்காட்டியது போல ஆகிவிடும். அதனால் கேமராவை இடுப்பளவுக்கு நெருக்கி, சட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வெளிச்சமான சுவருக்கு முன்னால் வரும்படி நகர்த்தினோம். கையின் நிழலுருவம் தனியாகத் தெரிந்தது. கடைசியில் எடிட்டர் கேட்ட திருத்தம் ஒன்றுதான். அடுத்த ஷாட் மகள் சட்டியோடு படியிறங்குவதில் தொடங்குகிறது. அதனால் விரல் விடுவது இந்த ஷாட்டிலேயே தெரிந்தாக வேண்டும். 124-ல் விட்ட பிறகு மிச்சமிருந்த 20 ஃபிரேமில், மகள் திரும்பி ஃபிரேமை விட்டு வெளியேறுவதை வைத்தோம். அப்பாவின் கை அதுவரை நீட்டியபடியே இருந்தது.