பொட்டாசியம் 7.9

ஆஸ்பத்திரி லேபில் காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் நெருக்கடி. எல்லா வார்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சாம்பிள் இறங்கும். ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர்கள் ரவுண்ட்ஸ் கிளம்பும்போது ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். வார்டிலும் அதுதான் மோசமான நேரம். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள் கண் எரிய ஹேண்டோவர் நோட் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் லேபிலிருந்து ஒரு போன்: "சாம்பிள் ரிஜெக்ட். திரும்ப எடுத்து அனுப்புங்க." லேபுக்கும் வார்டுக்கும் நடக்கும் பாதிச் சண்டைகளுக்கு இந்த ஒரு வரிதான் காரணம் என்பது லேப் இன்சார்ஜாக இருந்து நான் கண்டது.

எங்கள் லேபில் ஒரு சீனியர் டெக்னீஷியன் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் மேடம். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. போனை எடுத்தால் வணக்கம் கிடையாது, வைக்கும்போது "சரி" கிடையாது. மெடிக்கல் வார்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், எல்லோரும் பிரதர் என்று கூப்பிடுவோம். பொறுமையான கை, குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டுமென்றால் பக்கத்து வார்டுகளிலிருந்தே அவரைத் தேடி வருவார்கள். ஆனால் ஒரு வார்த்தை தடித்துவிட்டால் அன்று முழுக்க முகம் வாடிவிடும்.

இவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிரதர் லேபுக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதை அட்டெண்டரிடம் சொல்லி அனுப்புவார். அட்டெண்டர் லிஃப்டுக்குக் காத்திருந்து கீழே வருவதற்குள் சொன்னதில் பாதி போயிருக்கும். கடைசியில் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் எழுத்துமூலமாகவே புகார் கொடுத்துவிட்டார்: "மரியாதைக் குறைவாகப் பேசுகிறார்."

புகாரைக் காட்டியபோது மேடத்துக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நான் என்ன சார் கெட்ட வார்த்தையா பேசினேன்? ரிஜெக்ட்டுன்னு சொன்னேன், அவ்வளவுதானே. அவர்தான் ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றார். நேரா ஒரு பதில் வராது அவர்கிட்ட இருந்து. என்னை மதிக்கலைன்னு நான் எங்க போய்ப் புகார் கொடுக்கறது?"

அதாவது, எதிராளிக்கு மரியாதை தெரியவில்லை என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். பேச்சுமுறை பற்றி ஒரு ட்ரெயினிங் வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைந்திருப்போம். அதற்குள் அந்தப் பாட்டியின் சாம்பிள் வந்தது.

பாட்டி வாந்தி, வயிற்றுப்போக்கோடு முதல் நாள் இரவு அட்மிட் ஆனவர். உடம்பில் நீர் வற்றி நரம்பெல்லாம் உள்ளே போயிருந்தது. காலையில் வந்த சாம்பிளில் பொட்டாசியம் 7.9. இயல்பு அளவு 3.5-லிருந்து 5 வரை. 6.5-ஐத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால் இது உடனே போனில் சொல்லியாக வேண்டிய கிரிட்டிக்கல் வேல்யூ.

மேடம் உடனே போன் செய்யவில்லை. முதலில் டியூபை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பொட்டாசியம் பொய்யாக ஏறுவதற்கு வழக்கமான காரணம் ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணுக்கள் உடைந்துபோவது. அந்த அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே சீரத்தில் இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். மெல்லிய ஊசியில் பிஸ்டனை வேகமாக இழுத்தாலும், சிரிஞ்சிலிருந்து டியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சினாலும், டியூபைப் போட்டுக் குலுக்கினாலும் அணுக்கள் உடையும். உடைந்தால் கண்ணாலேயே தெரியும்: சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்ததும் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஸ் மில்க் மாதிரி இருக்கும். இந்த டியூபில் அப்படி எதுவுமில்லை. தெளிவான மஞ்சள். மறுபடி ஓட்டிப் பார்த்தார், அதே 7.9. அதற்குப் பிறகுதான் போன். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பிரதர், பாட்டி பொட்டாசியம் 7.9. சாம்பிள் எப்படி எடுத்தீங்க?"

"மேடம்... பாட்டிக்கு வெயினே கிடைக்கலை மேடம். ரொம்பச் சிரமப்பட்டுத்தான் எடுத்தேன். கொஞ்சம்தான் வந்துச்சு."

"நான் கேட்டது அதில்ல. எப்படி எடுத்தீங்க?"

"சரியாத்தான் மேடம் எடுத்தேன்."

"வேல்யூவைத் திருப்பிச் சொல்லுங்க."

"7.9 மேடம்."

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ரிப்பீட் அனுப்புங்க." டொக்.

முறைப்படி பார்த்தால் இந்த அழைப்பில் ஒரு குறையும் இல்லை. எண்ணைச் சொன்னார், திருப்பிச் சொல்லவைத்தார், ரெஜிஸ்டரில் நேரம் எழுதினார். ஆனாலும் தெரிய வேண்டியது தெரியாமலே போன் வைக்கப்பட்டுவிட்டது.

டூட்டி டாக்டர் நிதானமானவர். பொட்டாசியத்தைக் கீழே இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவது வழக்கம். அதற்கு முன் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். இந்த அளவுக்கு டி-அலைகள் கூர்மையாக எழும்பியிருக்கலாம். இங்கே எழும்பவில்லை. ஈசிஜி ஒன்றை மட்டும் நம்பிப் பொட்டாசியத்தைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனாலும் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறையத்தானே செய்யும், இவருக்கு எப்படி ஏறியது என்று லேபுக்குப் போன் செய்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மிச்சமிருந்த சீரத்தில் கால்சியம் ஓட்டச் சொன்னேன். 4.6 வந்தது. 8.5-க்கு மேல் இருக்க வேண்டியது. கால்சியம் நிஜமாகவே இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் கைகால் இழுத்துக்கொண்டிருக்கும். பாட்டியோ காபி கேட்டுக்கொண்டிருந்தார். பொட்டாசியம் எக்கச்சக்கம், கால்சியம் பாதாளம், சீரம் மட்டும் தெளிவு என்றால் லேப்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: ஊதா மூடி டியூபின் மருந்து இதில் கலந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அந்த டியூபில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ. அது தன் பொட்டாசியத்தைக் கொட்டிவிடும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வெவ்வேறு டியூபுக்கு எடுக்கும்போது சீரத்துக்கான சிவப்பு மூடிக்கு முதலில், ஊதா மூடிக்குப் பிறகு என்று வரிசை வைத்திருக்கிறார்கள். ஹீமோலிசிஸ் மாதிரி இது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதன் ஆபத்து.

ரிப்பீட் சாம்பிள் வந்தது. பொட்டாசியம் 3.1. ஏறவில்லை, குறைந்திருந்தது. முதல் எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றியிருந்தால் ஏற்கெனவே குறைந்ததை இன்னும் கீழே தள்ளியிருப்போம்.

ஷிஃப்ட் முடிந்து பிரதர் கீழே வந்தார். சண்டைக்கு வரவில்லை, ஆனால் முகம் சிவந்திருந்தது. ஊதா டியூபுக்கு ஊற்றியபின் ரத்தம் வருவது நின்றுவிட்டது. சிவப்பு டியூபில் கால்வாசிதான் இருந்தது. ஊதாவில் கோட்டுக்கு மேலே கொஞ்சம் நிறையவே விழுந்திருந்தது. பாட்டியை மறுபடி குத்த மனசு வரவில்லை. அதிகமாக இருந்ததைச் சிவப்பு டியூபில் சாய்த்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே சார், கொஞ்சம்தான் வந்துச்சுன்னு" என்றார்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம்தான் வந்துச்சுன்னா, டியூப் மாத்தி ஊத்தினேன்னு அர்த்தமா பிரதர்?"

எனக்கு விஷயம் புரிந்தது அந்த இடத்தில்தான். பிரதர் தகவலைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் நடந்ததை நேராகச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமே என்று சுற்றி வைத்தார், மீதியை எதிராளி கேட்டுத் தெரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில். மேடத்தின் காதில் அது சாக்காக விழுந்தது. மேடம் கேட்ட "எப்படி எடுத்தீங்க?" உண்மையிலேயே ஒரு கேள்விதான். சிரிஞ்சா, ட்ரிப் ஏற்ற நரம்பில் செருகியிருக்கும் கேனுலாவா, எந்த டியூப் முதலில் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிரதரின் காதிலோ அது "என்ன லட்சணத்தில் எடுத்தீங்க?" என்று விழுந்தது.

வெட்டிப் பேசுகிறவர்கள் தாங்கள் விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவதாக நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. "சாம்பிள் ரிஜெக்ட்" என்பதில் என்ன கெட்டது, ஏன் கெட்டது, அடுத்த தடவை எதை மாற்றுவது என்று ஒன்றுமே இல்லை. விஷயம் இல்லாத இடத்தைக் கேட்பவர் தன் பயத்தால் நிரப்பிக்கொள்கிறார். மேடத்திடம் குரலை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு அது வரவும் வராது. கேள்வியை மாற்றச் சொன்னேன். "எப்படி எடுத்தீங்க?" வேண்டாம். "நேரா குத்தினதா, கேனுலாவிலிருந்தா? எந்த டியூப் முதல்ல? ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஊத்தினீங்களா?" இவற்றுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். எந்தக் குரலில் கேட்டாலும் திட்டுவது போல இருப்பதில்லை. ரிஜெக்ட் செய்தால் காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: "சீரம் சிவந்திருக்கு, பிஸ்டனை மெதுவா இழுங்க." பிரதர் பக்கம், ரிக்வெஸ்ட் ஃபாரத்தின் மூலையில் "வெயின் கிடைக்கவில்லை, ரத்தம் குறைவு" என்று எழுதி அனுப்பச் சொன்னோம். சொல்லக் கூசுவதை அவர் எழுதத் தயங்கவில்லை. ரத்தம் குறைவாக வந்தால் கலக்க வேண்டாம், இருப்பதை வைத்து எந்த டெஸ்ட் முக்கியமோ அதை ஓட்டுகிறோம் என்று லேபும் ஒத்துக்கொண்டது. இவை எல்லாவற்றிலும் பிரதருக்கு நிஜமாகவே ஆறுதல் தந்தது இதுதான்.

புகார் என்ன ஆயிற்று? விசாரணையில் சூப்பரிண்டெண்டெண்ட் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இவங்க டாக்டர்கள்கிட்டயும் இப்படித்தான் பேசுவாங்களா?" ஆமாம். இருதய மருத்துவர் ஒருவர் ரிப்போர்ட்டை அவசரப்படுத்தியபோது, "ரத்தம் உறையவே அரை மணி ஆகும் டாக்டர், நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவர் அவர். மேலே குழைந்து கீழே வெட்டுகிறவர் என்றால் கதை வேறு. அதற்குப் பெயர் திமிர், அதற்கு மெமோதான் மருந்து. இவர் எல்லோரிடமும் ஒரே மாதிரி. புகாரைப் பிரதரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

இருவரும் நண்பர்களாகிவிடவில்லை. மேடம் இன்னும் "சரி" சொல்லாமல்தான் போனை வைக்கிறார். பிரதருக்கு அது இன்னும் சுருக்கென்று தைக்கிறது என்று வார்டில் சொல்வார்கள். ஆனால் இப்போது அட்டெண்டரை அனுப்புவதில்லை, அவரே போன் செய்கிறார்.

எனக்குத் தலைவலி வேறு பக்கமிருந்து வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பையன்கள் இரண்டு பேர் மேடத்தைப் பார்த்துத் தொழில் கற்கிறார்கள். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் மறுபடி ஓட்டுவதும் இன்னும் ஒட்டவில்லை. அந்த "ரிஜெக்ட்", டொக் மட்டும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது. கேள்விகளை ஒரு அட்டையில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மேடத்துக்கு அந்த அட்டை தேவையில்லை. பையன்கள் அதைப் பார்ப்பதில்லை.