பின்னூட்டக் கேள்வியில் கழித்தல் குறிகளை எண்ணுங்கள்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்த நாட்களில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து உட்கார்வோம். பசுங்குடில் விளைவு எல்லோருக்கும் எளிதாக வந்துவிடும். பின்னூட்டச் சுழலில்தான் திணறல். வெப்பமாதலின் விளைவு சுற்றி வந்து அதே வெப்பத்தைக் கூட்டினால் நேர்ப் பின்னூட்டம், தணித்தால் எதிர்ப் பின்னூட்டம். பனி உருகினால் நேர்ப் பின்னூட்டம் என்பது போல ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்திருப்போம். புதிதாக ஒன்றைக் கேட்டால் கை நின்றுவிடும். அங்கே எனக்குக் கைகொடுத்தது குறி எண்ணும் முறை: காரணத்திலிருந்து விளைவுக்கு அம்பு வரைந்து, ஒவ்வொரு அம்புக்கும் கூட்டல் அல்லது கழித்தல் போட்டு, கடைசியில் கழித்தல்களை எண்ணுவது.

கடல் வெப்பமாவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை கூடினால் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரையும் திறன் குறையும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் இந்த அம்புக்குக் கழித்தல். கரையும் திறன் குறைந்தால் காற்றில் தங்கும் வாயு கூடும். இங்கேயும் எதிர்த்திசை, இன்னொரு கழித்தல். காற்றில் அது கூடினால் வெப்பநிலை கூடும். ஒரே திசை, கூட்டல். சுழல் மூடிவிட்டது. கழித்தல்கள் இரட்டைப்படை என்பதால் நேர்ப் பின்னூட்டம். ஒற்றைப்படையாக வந்திருந்தால் எதிர்ப் பின்னூட்டம்.

தவறு நடப்பது இரண்டாவது அம்பில். "கூடும்" என்று எழுதியதைப் பார்த்துப் பலர் அங்கே கூட்டல் போட்டுவிடுகிறார்கள். ஒரே கழித்தல் மிஞ்சி, விடை தலைகீழாகிவிடும். வார்த்தையைப் பார்க்காதீர்கள், அம்பின் இரு முனைகளும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், கடல் கார்பனை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது என்றும் எழுதாதீர்கள். மனிதர் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் இன்றும் உள்வாங்குகிறது. வெப்பமானால் அந்த உள்வாங்கல் பலவீனமாகும், அவ்வளவுதான்.

இதே முறையைப் பாறைச் சிதைவுக்குப் போட்டால், வெப்பநிலையும் மழையும் கூடும்போது சிலிக்கேட் பாறைகளின் வேதிச் சிதைவு வேகமாகும், அது காற்றிலுள்ள கார்பனைக் குறைக்கும். ஒரே கழித்தல், எதிர்ப் பின்னூட்டம். ஆனால் இது லட்சக்கணக்கான ஆண்டுகளில் வேலை செய்வது. நம் நூற்றாண்டின் வெப்பத்தை இது காப்பாற்றாது. காலஅளவைச் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

நேர்ப் பின்னூட்டம் என்றாலே வெப்பம் எல்லையின்றி ஏறும் என்றும் முடித்துவிடக் கூடாது. பூமி சூடாகச் சூடாக, அது வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்வீச்சும் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடும். வலுவான எதிர்ப் பின்னூட்டம் இது. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால், இது மட்டும் இருந்தால் வெப்பநிலை சுமார் 1.2 டிகிரி ஏறும். நீராவி, பனி, மேகம் எல்லாம் சேர்ந்த பிறகு, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையின் சிறந்த மதிப்பீடு 3 டிகிரி. விடைத்தாளில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள். நேர்ப் பின்னூட்டங்கள் வெப்பத்தை எவ்வளவு பெரிதாக்குகின்றன, எங்கே நிற்கின்றன என்று இரண்டையும் அதுவே காட்டிவிடும்.