ஃப்ரீக்வென்சி ரேட் கணக்கில் மார்க் போவது எங்கே?

இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோவுக்குப் படித்தபோது இந்தக் கணக்குதான் எனக்கு மார்க் வாங்கித் தந்தது. ஃபார்முலா ஒரே வரி: வேலைக்கு வர முடியாத அளவு அடிபட்டவர்களின் எண்ணிக்கையைப் பத்து லட்சத்தால் பெருக்கி, எல்லோரும் வேலை செய்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். கேள்வியிலிருந்து எந்த எண்ணை எடுப்பது என்பதில்தான் பலருக்கும் மார்க் போகிறது. ஒரு மாதிரிக் கேள்வியைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தொழிற்சாலையில் 400 பேர். தினம் 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் வேலை. 5% ஆப்சென்ட். ஓவர்டைம் மொத்தம் 38,000 மணி. 5 விபத்துகளில் 6 பேர் அடிபட்டு, மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனார்கள். இன்னும் 2 பேர் தையல் போட்டுக்கொண்டு அடுத்த ஷிஃப்டிலேயே வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள். 11 பேருக்கு முதலுதவி மட்டும்.

முதலில் மணி நேரம். 400 × 8 × 300 = 9,60,000. வராதவர் விபத்துக்கு ஆளாக வழியில்லை, அதனால் 5%, அதாவது 48,000 கழியும். ஓவர்டைமில் ஆள் இயந்திரத்தருகேதான் நிற்கிறார், அது கூடும். ஆக 9,50,000. நிஜ வேலையில் இதை மஸ்டர் ரோல், சம்பளப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் காயத்தைச் சேர்த்தால் அவர்களுடைய மணி நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்தால் ரேட் பொய் சொல்லும்.

அடுத்து, மேலே போடும் எண் 5 அல்ல, 6. எண்ணுவது விபத்தை அல்ல, அடிபட்டவர்களை. IS 3786 என்ற இந்தியத் தரநிலையின்படி, விபத்து நடந்த நாள் அல்லது ஷிஃப்டைத் தாண்டியும் வேலை செய்ய முடியாவிட்டால்தான் அது லாஸ்ட் டைம் இஞ்சுரி. தையல் போட்ட இருவரும் இதில் வரமாட்டார்கள். ஆக, லாஸ்ட் டைம் இஞ்சுரி ஃப்ரீக்வென்சி ரேட், சுருக்கமாக LTIFR:

```
LTIFR = 6 × 10,00,000 ÷ 9,50,000 = 6.32
```

பத்து லட்சம் மணிக்கு ஆறு காயத்துக்குச் சற்று மேல். விடை 6.25 என்று வந்தால் ஆப்சென்ட்டையும் ஓவர்டைமையும் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்சிடென்ட் ரேட்டில்தான் குழப்பம் அதிகம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான OSHA-வின் முறையில் பெருக்குவது 2,00,000-ஆல்: 100 பேர், வாரம் 40 மணி, 50 வாரம். முதலுதவியைத் தாண்டிய சிகிச்சையும் கணக்கில் வருவதால், தையல் போட்ட இருவரும் சேர்ந்து 8.

```
IR = 8 × 2,00,000 ÷ 9,50,000 = 1.68
```

IS 3786 சொல்லும் இன்சிடென்ஸ் ரேட் வேறு. அதில் மணி நேரமே கிடையாது: 6 × 1,000 ÷ 400 = 15. கேள்வியில் எந்த முறை என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். விடைக்குப் பக்கத்தில் 'பத்து லட்சம் மணிக்கு' என்றோ 'ஆயிரம் பேருக்கு' என்றோ கட்டாயம் எழுதுங்கள்.

இருபது பேர் கொண்ட பட்டறையில் வருடத்துக்கு 46,400 மணி என்றால், ஒரே ஒரு காயத்துக்கே LTIFR 21.55 வந்துவிடும். அடுத்த வருடம் பூஜ்யமாகலாம். இவ்வளவு சிறிய இடத்தை மேலே உள்ள தொழிற்சாலையோடு ஒப்பிடச் சொன்னால், இரண்டு மூன்று வருட மணி நேரத்தையும் காயங்களையும் கூட்டிப் போட்ட ரேட்டைத்தான் நான் நம்புவேன்.