எங்கள் அறக்கட்டளையின் வாராந்தரக் கணக்கும், கழித்துப் பார்த்த ஓர் அக்காவும்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் அறக்கட்டளை உறுப்பினரான ஓர் அக்கா சர்வசாதாரணமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்த வீட்டுக்காரருக்கு ஆபரேஷனுக்கு 1,340 வெள்ளி கொடுத்தீங்களாமே?"

எனக்குக் கை நின்றுவிட்டது. யாருக்கு உதவுகிறோம் என்பது செயற்குழுவில் நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லலையே, நீங்கதான போட்டிருக்கீங்க" என்று கைப்பேசியைக் காட்டினார். எங்கள் வாராந்தரக் கணக்குப் பக்கத்தின் போன வாரத் திரையை அவர் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் மருத்துவ உதவி 10,348. இந்த வாரம் 11,688. கழித்தால் 1,340. யாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

இந்த டாஷ்போர்டைச் செய்தவன் நான். வந்த நன்கொடை, செய்த செலவு, வங்கி இருப்பு மூன்றையும் ஞாயிறு இரவுதோறும் கூகுள் ஷீட்டில் புதுப்பித்து உறுப்பினர்களுக்குத் திறந்து வைப்பேன். பெயர் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டதால், அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். வருடக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை போட்டால் மொத்தம் மட்டும்தான் தெரியும். அதையே வாராவாரம் போட்டால், இரண்டு வாரத்துக்கு நடுவில் நடந்த ஒவ்வொரு தனிக் கொடுக்கல் வாங்கலும் கழித்தலில் வெளியே வந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் தோன்றியது, எல்லாவற்றையும் நூறு வெள்ளிக்கு ரவுண்ட் செய்துவிடலாம் என்பது. 10,348 என்பது 10,300 ஆகும், 11,688 என்பது 11,700 ஆகும். வித்தியாசம் 1,400. ஒவ்வோர் எண்ணிலும் அதிகபட்சம் ஐம்பது வெள்ளிதான் பிசகும் என்பதால், உண்மைத் தொகை 1,300க்கும் 1,500க்கும் இடையில் என்று யாரும் சொல்லிவிடலாம். அக்காவுக்கு அது போதும். ரவுண்ட் செய்தால் எண் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆள் மறையமாட்டார்.

அதனால் வேறு வழிக்குப் போனோம். உதவித் தலைப்புகளில், கடைசியாகக் காட்டிய எண்ணுக்குப் பிறகு குறைந்தது ஐந்து குடும்பங்களுக்குப் பணம் போயிருந்தால்தான் புது எண்ணைக் காட்டுவது. அதுவரை பழைய எண்ணே நிற்கும். ஐந்து என்பது எந்தச் சட்டத்திலும் இருக்கும் எண் அல்ல, நாங்கள் பேசி முடிவு செய்தது. உள்கணக்குத் தாளில் B என்பது உண்மைத் தொகை, C என்பது கடைசியாகக் காட்டிய பிறகு உதவி பெற்ற குடும்பங்கள், D என்பது கடைசியாகக் காட்டிய தொகை, ரவுண்ட் செய்வதற்கு முன் இருந்தபடி:

```
E2: =IF(C2>=5, B2, D2)
F2: =MROUND(E2, 100)
F6: =MROUND(SUM(E2:E5), 100)
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். மொத்தத்தையும் E-யிலிருந்துதான் எடுக்கிறேன். முதல் முயற்சியில் மருத்துவத்தை நிறுத்திவைத்துவிட்டு, மொத்தச் செலவை உண்மைக் கணக்கிலிருந்தே காட்டினேன். மொத்தத்திலிருந்து மற்ற மூன்று தலைப்புகளைக் கழித்தால் மறைத்தது அப்படியே வந்து நிற்கிறது! மொத்தத்தைச் சரிசெய்த பிறகு வங்கி இருப்பு காட்டிக்கொடுத்தது. நன்கொடை தெரிகிறது, இருப்பு தெரிகிறது, நடுவில் போனது எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். இருப்பை இப்போது காலாண்டுக்கு ஒருமுறைதான் போடுகிறோம், அதுவும் எல்லா உதவித் தலைப்புகளும் ஐந்தை எட்டியிருந்தால்.

மாற்றிய கையோடு பொருளாளர் அண்ணனிடமிருந்து அழைப்பு. பழைய கால்குலேட்டர் ஆள் அவர். "கல்வி 21,300, மருத்துவம் 10,300, மளிகை 9,600, நிர்வாகம் 5,400. கூட்டினா 46,600 வருது. நீ மொத்தம் 46,700ன்னு போட்டிருக்க. நூறு வெள்ளி எங்கப்பா போச்சு?"

எங்கும் போகவில்லை. ரவுண்ட் செய்வதற்கு முந்தைய எண்கள் 21,336, 10,348, 9,552, 5,424. கூட்டினால் 46,660, அது ரவுண்டில் 46,700 ஆகிறது. ரவுண்ட் செய்த எண்களைக் கூட்டியே மொத்தம் போட்டால் கூட்டல் அழகாக உட்காரும், ஆனால் மொத்தம் உண்மையிலிருந்து விலகும். தலைப்புகள் கூடக்கூட விலகலும் கூடலாம். அதனால் எல்லாவற்றையும் காசு வரைக்கும் வைத்துக் கூட்டி, கடைசியாகத் திரைக்கு வரும்போது மட்டும் ரவுண்ட் செய்வது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அட்டவணைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "தொகைகள் தனித்தனியே அருகிலுள்ள நூறுக்கு மாற்றப்பட்டவை, கூட்டினால் மொத்தத்தோடு சற்று மாறலாம்." அண்ணன் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் அந்த வரியைத் தடிமனாகப் போடச் சொன்னார்.

சதவீதத்திலும் இதே கதைதான். எதையும் நிறுத்திவைக்காமல் 48,000 வெள்ளிச் செலவைப் பிரித்தபோது 44.45, 24.35, 19.9, 11.3 என்று வந்தது. முழு எண்ணாக்கினால் கூட்டல் 99. சரி, ஒரு தசமம் வைப்போம் என்றால் 100.1. சதவீதத்தையும் அதைக் காட்டிய வட்டப்படத்தையும் எடுத்தே விட்டேன். வட்டப்படத்தைத் தேடியவர் ஒருவர்கூட இல்லை.

இன்னொரு ஓட்டை என் சோம்பேறித்தனத்தால் வந்தது. ஆரம்பத்தில் நான் ரவுண்ட் செய்யவே இல்லை, கட்டத்தின் வடிவமைப்பில் தசமத்தை மட்டும் மறைத்திருந்தேன். கட்டத்தைத் தொட்டால் காசு வரை தெரிந்தது. அதைவிட மோசம், பயனாளர் பட்டியல் இருந்த தாளை அதே கோப்பில் 'மறைத்து' வைத்திருந்தேன். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவரும், நகலெடுக்கத் தடை போடாவிட்டால், கோப்பை நகலெடுத்து மறைத்த தாளைத் திறந்துவிடலாம். நல்லவேளை, யாரும் செய்யவில்லை என்றுதான் நம்புகிறேன். இப்போது உறுப்பினர்களுக்குப் போவது தனிக் கோப்பு. அதில் சூத்திரம் கிடையாது, எண்களை மட்டும் ஒட்டுகிறேன். வரிக்கழிவுக்காக நன்கொடையாளரிடம் வாங்கும் அடையாள அட்டை எண் இந்த இரண்டு கோப்புகளுக்குள்ளும் வருவதே இல்லை.

செயற்குழுவில் ஒருவர், "இது கணக்கை மறைக்கிற மாதிரி இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் "கடைசியாகப் புதுப்பித்த தேதி" போடுகிறோம். நிறுத்திவைத்த தொகை உட்பட முழுக் கணக்கு, பெயர்களோடு, பொருளாளரிடமும் தணிக்கையாளரிடமும் இருக்கிறது. ஒரு தலைப்பில் வருடம் முழுக்கவே இரண்டு மூன்று குடும்பங்கள்தான் என்றால், அதைத் தனியாகக் காட்டாமல் மளிகையோடு சேர்த்துக் 'குடும்ப நலம்' என்று ஒரே தலைப்பாக்கிவிடுவது என்றும் முடிவாயிற்று.

இப்போதெல்லாம் ஞாயிறு இரவு வெளியிடுவதற்கு முன் அந்த அக்கா வேலையை நானே செய்கிறேன். போன வாரத் திரையை எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணையும் கழித்துப் பார்க்கிறேன். மூன்றாவது வாரமே ஒன்று மாட்டியது. தொகை நகரவில்லை. ஆனால் மேலே பெரிய எழுத்தில் 'உதவி பெற்ற குடும்பங்கள்' 23 என்றிருந்தது 24 ஆகியிருந்தது.