முதல்ல தோசை

"ஊருக்குப் பணம் அனுப்பினதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

இரவு எட்டே முக்கால். அவர் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்திருந்தார். எனக்கு மதியச் சாப்பாடே பாதி டப்பாவில் இருந்தது.

"நீ எப்பவுமே இப்படித்தான், வந்ததும் வராததுமா."

அந்த "எப்பவுமே"தான் எனக்கு அடையாளம். பேச்சு பத்தாயிரம் ரூபாயை விட்டு ஆளின் குணத்துக்குத் தாவினால், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசிப்பேன். இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அதை ஏற்ற உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. படபடப்பும் கூடவே வரும். நாமோ அதற்குக் காரணம் எதிரில் நிற்பவர்தான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

2014-ல் அமெரிக்காவில் 107 தம்பதிகளிடம் ஓர் ஆய்வு. துணையின் மேல் எவ்வளவு கோபமோ அத்தனை ஊசிகளைத் தினமும் இரவு ஒரு பொம்மையில் குத்த வேண்டும். சர்க்கரை குறைவாக இருந்தவர்கள் அதிக ஊசி குத்தினார்கள். (நல்லவேளை, எங்கள் வீட்டில் பொம்மை இல்லை.) சர்க்கரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, சேர்ந்து வந்தது என்றுதான் காட்டியது.

"முதல்ல தோசை. பணத்தைப் பத்தி நாளைக்குக் காலையில காபி குடிச்சிட்டுப் பேசலாம்" என்றேன்.

நேரம் சொல்வது முக்கியம். வெறும் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் நழுவுவதாகத்தான் தோன்றும். பசி தோசையோடு போய்விடும், அசதிக்குத் தூக்கம் வேண்டும். அதனால்தான் காலை.

காலையிலும் அதே கோபம் இருந்தால், அது பசியில்லை. பணத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.